வீடியோவுக்கு தமிழ் சப்டைட்டில் போடறது எப்படி: ஒரு உப்பள வீடியோவ வெச்சு முழுசா பாக்கலாம்

தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல வேலை பாக்குற எங்க மாமா பேசினத போன்ல எடுத்து வெச்சிருந்தேன், மொத்தம் 3 நிமிஷம் 40 செகண்ட். அவரோட தங்கச்சி, எங்க சித்திக்கு காது சரியா கேக்காது, அதனால அவங்களுக்காக தமிழ் பேச்சுக்கு தமிழ்லயே சப்டைட்டில் போட்டு அனுப்பினேன். பாத்துட்டு அவங்க சொன்னது, "பாதி படிக்கும்போதே ஓடிருதுய்யா." நான் சாஃப்ட்வேர் பச்சை காட்டுற வரைக்கும் எல்லாத்தையும் சரி பண்ணித்தான் அனுப்பியிருந்தேன், ஆனாலும் படிக்க முடியல. ஏன்னு தோண்டிப் பாத்தப்பதான் இங்கிலீஷுக்கு எழுதின கணக்க அப்படியே தமிழுக்கு போட்டா எங்க இடிக்குதுன்னு புரிஞ்சுது. அதே வீடியோவ வெச்சே மொதல்லருந்து சொல்றேன், நீங்க புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா இதே வரிசையில போங்க.

மொதல்ல ஒரு முடிவு: தனி ஃபைலா, வீடியோவோட ஒட்டியா

சப்டைட்டில் ரெண்டு விதமா போகும். ஒண்ணு, எழுத்து மட்டும் இருக்கிற ஒரு சின்ன ஃபைல், `.srt`னு முடியும். பிளேயர்தான் அத படிச்சு வீடியோ மேல காட்டும், பாக்குறவங்க வேணும்னா ஆன் பண்ணலாம் வேண்டாம்னா ஆஃப் பண்ணலாம். இன்னொண்ணு, எழுத்த படத்துலயே பதிச்சிடறது, அதுக்கப்புறம் அத எடுக்கவே முடியாது.

யூடியூப்ல போடப்போறீங்கன்னா தனி ஃபைல் போதும். வாட்ஸப்ல அனுப்பப்போறீங்கன்னா பதிச்சுத்தான் ஆகணும், ஏன்னா அங்க தனி ஃபைல சேத்து காட்ட வழியில்ல. பென்டிரைவ்ல போட்டு டிவில பாக்குறவங்களுக்கும் பதிச்சு குடுக்கறதே நல்லது, பல டிவில தமிழ் எழுத்து கட்டம் கட்டமாவோ கொம்பு இடம் மாறியோ வரும். எது எப்படின்னாலும் மொதல்ல `.srt` ஃபைல்தான் பண்ணணும், பதிக்கறது கடைசி வேலை. இன்னொரு விஷயத்தயும் இப்பவே சொல்லிடறேன், `.srt` ஃபைலுக்குள்ள ஃபான்ட் போகாது. எந்த எழுத்துல காட்டறதுன்னு பிளேயர்தான் முடிவு பண்ணும், அதனால ஃபான்ட் பத்தி நீங்க கவலைப்பட வேண்டியது பதிக்கும்போது மட்டும்தான்.

ஃபைல் உள்ள எப்படி இருக்கும்

```
12
00:00:41,200 --> 00:00:44,700
பாத்தியில தண்ணி கட்டி விட்டு
வெயில்ல நல்லா காஞ்ச பொறவுதான் உப்பு படியும்

13
00:00:44,800 --> 00:00:47,300
படிஞ்சத பலகைய போட்டு
இழுத்து வரப்புல ஏத்துவோம்
```

ஒரு நம்பர், கீழ எப்ப வரணும் எப்ப போகணும், அதுக்கு கீழ வரிகள், அப்புறம் ஒரு வெத்து வரி, அவ்வளவுதான். செகண்டுக்கு அப்புறம் வர்றது கமா, புள்ளி இல்ல. நோட்பேட்லயே கூட எழுதலாம், ஆனா நேரத்த கையால அடிக்கறது பெரிய பாடு. விண்டோஸ்னா Subtitle Edit, மேக் லினக்ஸ்னா Aegisub, ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் சத்தத்தோட அலைய படமா பாத்துக்கிட்டே நேரம் குறிக்கலாம்.

சேவ் பண்ணும்போது என்கோடிங் `UTF-8`னு இருக்கான்னு பாருங்க. வேற எதாவது இருந்தா தமிழ் எல்லாம் கேள்விக்குறியாவோ `à®¤`ன்னு கண்டபடியோ வரும். இலங்கை நண்பர்கள் கிட்டருந்து பழைய ஃபைல் வந்தா இன்னொரு பிரச்சனை இருக்கலாம், பாமினி ஃபான்ட்ல அடிச்சதா இருந்தா "தமிழ்"ங்கற சொல்லு உள்ள `jkpo;`ன்னுதான் இருக்கும், அந்த ஃபான்ட் போட்டாத்தான் தமிழா தெரியும். அத யூனிகோடுக்கு மாத்தின பிறகுதான் சப்டைட்டிலுக்கு எடுக்க முடியும், மாத்தி குடுக்கற கன்வெர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு.

எழுதறது

நேரத்த தொடறதுக்கு முன்னாடி முழு பேச்சையும் ஒரு தடவ எழுதிடுங்க. எழுதிக்கிட்டே நேரமும் குறிச்சா ரெண்டுமே அரைகுறையாகும், இது என் அனுபவம்.

மாமா "பொறவு"ன்னு சொன்னா நான் "பிறகு"ன்னு மாத்த மாட்டேன். சித்தி அவர் வாயசைவையும் பாக்குறாங்க, வாய் ஒண்ணு சொல்லி எழுத்து இன்னொண்ணு சொன்னா அவங்களுக்கு குழப்பம்தான். ஆனா பேச்சுல வர்ற "வந்து", "அது என்னன்னா", ரெண்டு தடவ சொன்ன சொல்லு இதெல்லாம் எடுத்துடலாம், அதுல பொருள் ஒண்ணும் போகாது, படிக்க நேரம் மிச்சமாகும். காது கேக்காதவங்களுக்குன்னா முக்கியமான சத்தத்தையும் எழுதணும், [மோட்டார் ஓடுது]ன்னு. எங்க வீடியோவுல மாமா திடீர்னு கத்தி பேச ஆரம்பிப்பார், ஏன்னு பாத்தா பக்கத்துல தண்ணி இறைக்கிற மோட்டார போட்டுட்டாங்க, இத எழுதலன்னா அவர் கோவப்படறாருன்னு சித்தி நெனச்சுக்குவாங்க.

எழுத்து எண்ணிக்கை, இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க

"ஒரு வரிக்கு 42 எழுத்து, செகண்டுக்கு இத்தன எழுத்து"ன்னு இங்கிலீஷ் வழிகாட்டிகள்ல படிச்சிருப்பீங்க. அந்த கணக்க தமிழ்ல போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. உங்க சாஃப்ட்வேர்ல "கொடுக்கிறேன்"ன்னு ஒரு சொல்ல மட்டும் அடிங்க. நம்ம கண்ணுக்கு அது கொ, டு, க், கி, றே, ன், ஆறு எழுத்து. சாஃப்ட்வேர் 12ன்னு காட்டினா அது யூனிகோடு கணக்கு, அதாவது க தனி, ொ தனி, ட தனி, ு தனி, புள்ளி கூட தனின்னு எண்ணுது. 6ன்னு காட்டினா நம்ம மாதிரியே எண்ணுது.

இது எவ்வளவு மாத்தும்னு மேல இருக்கிற 12ம் நம்பரோட ரெண்டாவது வரியில பாருங்க. "வெயில்ல நல்லா காஞ்ச பொறவுதான் உப்பு படியும்", நம்ம எண்ணினா இடைவெளி விட்டுட்டு 22 எழுத்து. யூனிகோடு கணக்குல இடைவெளியோட சேத்து 43. 42ல நிறுத்துன்னு வெச்சிருந்தா சாஃப்ட்வேர் சிவப்பு காட்டும், ஆனா ஸ்கிரீன்ல அந்த வரி தாராளமா உக்காரும். அதே மாதிரி "உப்பு" மாதிரி குறுகலான எழுத்து வர்ற வரியும் "ஞாயித்துக்கிழமை" மாதிரி அகலமான எழுத்து வர்ற வரியும் ஒரே எண்ணிக்கையில இருந்தாலும் நீளம் ஒண்ணா இருக்காது, ஞ, ணை, றை, ளை இதெல்லாம் இடத்த நல்லா அடைக்கும். அதனால எண்ணிக்கைய ஒரு முதல் சல்லடையா மட்டும் வெச்சுக்குங்க, கடைசி தீர்ப்பு கண்ணுக்குத்தான்.

நான் வெச்சிருக்கிற அளவு இது: படுக்கை வாக்கு வீடியோவுல ஒரு வரிக்கு கண்ணால எண்ணி 20லருந்து 24 எழுத்து, ஒரு நேரத்துல ரெண்டு வரிக்கு மேல கூடாது. போனை நிமித்தி பிடிச்சு எடுத்த வீடியோன்னா 12, 14 எழுத்துக்கு மேல வைக்காதீங்க. படிக்கிற வேகத்துக்கு செகண்டுக்கு 10லருந்து 12 எழுத்து. வயசானவங்க, சின்ன பசங்கன்னா 8, 9க்கு இறக்கிடுவேன்.

சித்திக்கு அனுப்பின மொத வெர்ஷன்ல என்ன நடந்துதுன்னா, நான் வெச்சிருந்த சாஃப்ட்வேர் 6 காட்டுற ரகம், நான் போட்டிருந்த வேக வரம்பு இங்கிலீஷுக்கானது, செகண்டுக்கு 17. தமிழ்ல நெஜமான 17 எழுத்துங்கறது இங்கிலீஷ்ல 17 எழுத்து மாதிரி இல்ல, அதவிட ரொம்ப கூட. அதனாலதான் எல்லாம் பச்சையா இருந்தும் ஓடிப்போச்சு.

எங்க உடைக்கணும்

மாமா ஒரே மூச்சுல சொன்னது இது: பாத்தியில தண்ணி கட்டி விட்டு வெயில்ல நல்லா காஞ்ச பொறவுதான் உப்பு படியும், படிஞ்சத பலகைய போட்டு இழுத்து வரப்புல ஏத்துவோம். மொத்தம் 62 எழுத்து, ஆறு செகண்ட் பேச்சு. ஆறு செகண்டும் இத ஒண்ணா நிறுத்தினா மூணு வரி ஆயிடும், படத்துல பாதி மறைஞ்சுடும். "படியும்"ல ஒரு வேலை முடியுது, அதனால அங்க ரெண்டா பிரிச்சேன். முதல்ல 36 எழுத்து மூணரை செகண்ட், அடுத்தது 26 எழுத்து ரெண்டரை செகண்ட், ரெண்டுமே செகண்டுக்கு பத்து பத்தரைக்குள்ள நிக்குது.

இப்ப முதல் பாதிக்குள்ள வரி எங்க உடையணும்? எண்ணிக்கை சமமா வரணும்னா "பாத்தியில தண்ணி கட்டி விட்டு வெயில்ல" ஒரு வரி, "நல்லா காஞ்ச பொறவுதான் உப்பு படியும்" அடுத்த வரி, 18க்கு 18, பாக்க அழகா இருக்கும். ஆனா படிக்கும்போது "விட்டு வெயில்ல"ன்னு கண்ணு சேத்து படிச்சு, தண்ணிய வெயில்ல விட்டாங்களோன்னு ஒரு கணம் தயங்கும். "விட்டு"ங்கற இடத்துல உடைச்சா மேல 14, கீழ 22, கொஞ்சம் கோணலா இருக்கும், ஆனா தயக்கமே இல்லாம படிக்கலாம். எனக்கு இதுதான் சரி. சாஃப்ட்வேர்ல தானா வரி உடைக்கிற பட்டன் இருக்கும், அது நீளத்த பாத்து உடைக்குமே தவிர பொருள பாக்காது, அதனால அத அமுக்கிட்டு விட்டுடாதீங்க.

பொதுவா "எச்சம்" எங்க முடியுதோ அங்க உடைங்க, போயி, வந்து, விட்டு, போனா, இருந்ததால, இந்த மாதிரி சொல்லுக்கு அப்புறம். "பெரிய"வையும் "பாத்தி"யையும் பிரிக்காதீங்க, "போய்க்கிட்டு"வையும் "இருந்தேன்"னையும் பிரிக்காதீங்க. ஒரு சொல்ல நடுவுல வெட்டி ஹைஃபன் போட்டு அடுத்த வரிக்கு கொண்டு போறது தமிழ்ல வேண்டவே வேண்டாம். நீளமான சொல்லு வரிய முட்டுதுன்னா அத முழுசா கீழ எறக்குங்க.

டைமிங்

Subtitle Editல வீடியோ பக்கத்துல Create டேப் இருக்கும், பேச்சு ஆரம்பிக்கும்போது F11, முடியும்போது F12, இப்படி ஒரு ஓட்டு ஓடிட்டு அப்புறம் அலைய பாத்து இழுத்து சரி பண்ணுங்க. அலை எழும்புற இடத்துலயே எழுத்து வரணும். கொஞ்சம் முந்தி வந்தாலும், ரெண்டு மூணு ஃபிரேம்னா, உறுத்தாது, ஆனா பிந்தி வந்தா உடனே தெரியும். முடியற இடத்துல பேச்சு நின்ன பிறகும் அரை செகண்ட் விட்டு வைக்கலாம், அடுத்த வரி நெருக்கி வரலன்னா.

ஒரு செகண்டுக்கு குறைவா எதையும் காட்டாதீங்க, வெறும் "ஆமா"வா இருந்தாலும் சரி. ஏழு செகண்டுக்கு மேல நிறுத்தாதீங்க, படிச்சு முடிச்சவங்க அதையே திரும்ப படிக்க ஆரம்பிச்சுடுவாங்க. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு 80லருந்து 100 மில்லிசெகண்ட் இடைவெளி வேணும், மேல 44,700ல முடிஞ்சு 44,800ல அடுத்தது ஆரம்பிக்குது பாருங்க, அந்த சின்ன கண் சிமிட்டல் இல்லன்னா எழுத்து மாறினதே கண்ணுக்கு தெரியாது. காட்சி மாறற இடம் பக்கத்துல இருந்தா எழுத்தும் சரியா அந்த மாற்றத்துலயே வரட்டும் அல்லது போகட்டும், ரெண்டு ஃபிரேம் தாண்டி தொங்கிட்டு இருந்தா பளிச்சுன்னு அடிக்கும்.

தமிழுக்குன்னே ஒண்ணு இருக்கு, நம்ம மொழியில வினை கடைசியிலதான் வரும், நடந்துதா இல்லையாங்கறதே கடைசி சொல்லுலதான் தெரியும். வீடியோவோட கடைசியில மாமா, "அந்த வருஷம் அடிச்ச மழையில ஏத்தி வெச்ச உப்பு எல்லாம்"னு சொல்லி நிறுத்தி, பாத்திய பாத்துட்டே இருந்துட்டு, அப்புறம்தான் "கரைஞ்சு போச்சு"ங்கறார். நடுவுல ரெண்டு செகண்ட் மௌனம். நான் மொதல்ல முழு வாக்கியத்தையும் ஒண்ணா போட்டிருந்தேன், படிக்கிறவங்களுக்கு அவர் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சுடுச்சு, அந்த மௌனத்துக்கு அர்த்தமே இல்லாம போச்சு. இப்ப "எல்லாம்..."ன்னு மூணு புள்ளியோட நிறுத்தி, மௌனத்துல ஸ்கிரீன காலியா விட்டு, அவர் சொல்லும்போது "கரைஞ்சு போச்சு"ன்னு தனியா வர வெச்சிருக்கேன். இந்த மாதிரி இடம் உங்க வீடியோவுல எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க, அங்க எண்ணிக்கை கணக்க விட்டுட்டு பேசறவர் பின்னாடி போங்க.

எல்லாம் முடிச்சு பாக்கும்போது நேரம் தப்பா இருந்தா மொத வரியையும் கடைசி வரியையும் மட்டும் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு தள்ளி இருந்தா மொத்தத்தையும் ஒரேயடியா நகத்தினா போதும், எவ்வளவு நகத்தணும்னு கண்டுபிடிக்க VLCல G, H ரெண்டு கீயையும் அமுக்கி பாக்கலாம், ஒரு அமுக்குக்கு 50 மில்லிசெகண்ட் நகரும். மொத வரி சரியா இருந்து போகப் போக விலகுதுன்னா அது ஃபிரேம் ரேட் பிரச்சனை, நகத்தினா தீராது. போன்ல எடுத்த வீடியோவுல ஃபிரேம் ரேட் ஏறி இறங்கிட்டே இருக்கும், அத எடிட் பண்ணி வெளிய எடுக்கும்போது மாறிடும். அதனால எடிட்டிங் எல்லாம் முடிஞ்சு கடைசியா வந்த வீடியோவுக்குத்தான் நேரம் குறிக்கணும், ஒரிஜினலுக்கு குறிச்சு வெச்சா திரும்ப செய்ய வேண்டி வரும்.

ஃபான்ட்

நல்லா இருக்கிற ஃபான்ட் வேற, வீடியோவுல படிக்க முடியற ஃபான்ட் வேற. தமிழ்ல பாக்க வேண்டியது மூணு இடம். ஒண்ணு புள்ளி, சின்ன சைஸ்ல அது மறைஞ்சா "பக்கம்" எல்லாம் "பககம" ஆயிடும். ரெண்டாவது ஓட்டை, இ, ஞ, ணு, ஜ இதுக்குள்ள இருக்கிற சின்ன வெளி அடைபட்டா வெறும் கறையா தெரியும். மூணாவது ன, ண ரெண்டுக்கும் வித்தியாசம், சுழி நெருக்கமா இருந்தா தூரத்துலருந்து ரெண்டும் ஒண்ணுதான்.

நான் Noto Sans Tamil இல்லன்னா Mukta Malar எடுப்பேன், ரெண்டும் கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். வரியில நடுவுல இங்கிலீஷ் எழுத்து வருதுன்னா Mukta Malar நல்லா பொருந்தும், ரெண்டு எழுத்தும் ஒரே கையால வரைஞ்ச மாதிரி இருக்கும். கனத்துக்கு Medium அல்லது SemiBold. Bold பட்டன அமுக்காதீங்க, அந்த கனம் ஃபான்ட்ல இல்லன்னா சாஃப்ட்வேர் தானா தடிக்க வெச்சு ஓட்டைய அடைச்சுடும். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழ்ல அது பெரும்பாலும் நேர் எழுத்த தள்ளிவிட்டதுதான். போனுக்குள்ள பேசறது, நினைவுல வர்ற குரல் இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல சாய்ப்பாங்க, நான் அதுக்கு மேற்கோள் குறி போட்டுடுவேன். கையெழுத்து மாதிரி, கல்யாண பத்திரிக்கை மாதிரி இருக்கிற ஃபான்ட் எல்லாம் தலைப்போட நிறுத்திக்குங்க.

நிறம் வெள்ளை, சுத்தி மெலிசான கறுப்பு கோடு. உப்பளத்துல பின்னாடி எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும், கோடு இல்லன்னா ஒண்ணும் தெரியாது, ஆனா கோட்ட தடிக்க வெச்சா புள்ளியையும் ஓட்டையையும் அதுவே தின்னுடும். கோடு போதலன்னா எழுத்துக்கு பின்னாடி பாதி தெரியற கறுப்பு பட்டை வைங்க. எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டற செட்டிங் பூஜ்யமாவே இருக்கட்டும், கூட்டினா சில சாஃப்ட்வேர்ல கொம்பும் காலும் தனியா பிரிஞ்சு நிக்கும். வரிக்கு வரி இடைவெளி மட்டும் கொஞ்சம் தாராளமா வேணும், ஏன்னா மேல் வரியில "ழு", "கூ" கீழ எறங்கும், கீழ் வரியில "கி", "தீ" மேல ஏறும், ரெண்டும் முட்டிக்கும்.

பதிக்கறது

வீடியோவையும் `.srt`யையும் ஒரே ஃபோல்டர்ல வெச்சு, ஃபைல் பேர இங்கிலீஷ்ல இடைவெளி இல்லாம வெச்சு, கட்டளை அடிச்சு ஓட்டற ffmpegங்கற சாஃப்ட்வேர வெச்சு அந்த ஃபோல்டர்ல இருந்தே இத ஓட்டுங்க:

```
ffmpeg -i uppalam.mp4 -vf "subtitles=uppalam.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=17,Outline=1.2,Shadow=0,MarginV=20'" -c:a copy uppalam_sub.mp4
```

`C:\`ன்னு முழு பாதைய குடுத்தா அந்த முக்காப்புள்ளி கட்டளைய கெடுத்துடும், அதனாலதான் ஒரே ஃபோல்டர். FontSize 17ங்கறது பிக்சல் இல்ல, படத்தோட உயரத்த 288 பங்கா வெச்சா அதுல 17 பங்கு. அதனால நிமித்தி எடுத்த வீடியோவுல இதே நம்பர் பிரம்மாண்டமா வரும், அங்க 9லருந்து ஆரம்பிங்க. ஃபான்ட் பேர ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் அது திட்டாது, பேசாம வேற ஃபான்ட எடுத்துக்கும். ஓடும்போது `fontselect`னு ஒரு வரி வரும், அம்புக்குறிக்கு அந்த பக்கம் நீங்க கேட்ட ஃபான்ட்தான் இருக்கான்னு பாருங்க.

கட்டளை பிடிக்காம பிரீமியர் மாதிரி எடிட்டர்ல போடறீங்கன்னா, "கொ" கொம்பு எழுத்துக்கு பின்னாடி போய் நின்னா ஃபான்ட மாத்திட்டே இருக்காதீங்க, தப்பு அங்க இல்ல. Preferencesல டெக்ஸ்ட் என்ஜின் `South Asian and Middle Eastern`னு இருக்கணும், மாத்திட்டு எழுத்த திரும்ப அடிச்சா சரியாயிடும். மத்த எடிட்டர்லயும் மொத்த வேலையும் பண்றதுக்கு முன்னாடி "கொக்கு, வௌவால், மணியை, ஸ்ரீ"ன்னு ஒரு வரி போட்டு பாத்துடுங்க, இதுல உடையாம வந்தா மத்ததும் வரும்.

யூடியூப்னா இது எதுவும் வேண்டாம். ஸ்டுடியோவுல சப்டைட்டில்ஸ் பக்கம் போயி மொழி தமிழ்னு சேத்து, ஃபைல் அப்லோடுல `With timing` எடுத்து `.srt`ய குடுத்துடுங்க. கம்ப்யூட்டர்ல பாக்கறதுக்கு `uppalam.ta.srt`ன்னு பேர் வெச்சு வீடியோ பக்கத்துல போட்டா VLC தானா எடுத்துக்கும்.

அனுப்பறதுக்கு முன்னாடி சத்தத்த சுத்தமா நிறுத்திட்டு போன்ல ஒரு தடவ முழுசா பாருங்க. நாமளே எழுதினது நமக்கு மனப்பாடமா இருக்கும், படிக்கிற மாதிரி தோணும், ஆனா படிக்க மாட்டோம். அதனால பேச்ச கேக்காத ஒருத்தர்ட்ட குடுத்து பக்கத்துல உக்காந்து அவங்க கண்ண பாருங்க, எந்த வரியில கண்ணு பின்னாடி போயி திரும்ப வருதோ அந்த நம்பர குறிச்சுக்குங்க. சித்திகிட்ட ரெண்டாவது தடவ காட்டினப்ப மொத்தம் மூணு இடம் அப்படி வந்துது, மூணுலயும் பேச்சு வேகமா இருந்த இடம், ரெண்டுல ஒரு சொல்ல எடுத்தேன், ஒண்ணுல முடிவ முக்கால் செகண்ட் தள்ளி வெச்சேன். `.srt` தனியா இருந்ததால பத்து நிமிஷத்துல திருத்தி மறுபடி பதிச்சு அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டேன்.